ரெண்டு வட்டி என்றால் எந்த ரெண்டு வட்டி? மகளிர் குழுக் கடனுக்கு மூன்று கணக்கு முறைகள்

எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் உள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக ஒரு கரோசல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசை அது. சேமிப்பு எப்படி, கடன் எப்படி, தவறினால் என்ன என்று ஆறே அட்டைகளில் சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரும் வாட்ஸ்அப்பில் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் மூன்று அட்டைகளும் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. நான்காவது அட்டையில்தான் நின்றது. "கடனுக்கு வட்டி நூற்றுக்கு 2" என்று எழுதியதைப் பார்த்த ஓர் ஊக்குநர், "சரிதான் அக்கா, பத்தாயிரத்துக்கு மாசம் இருநூறு" என்றார். பக்கத்துக் குழுவின் பிரதிநிதி, "எங்களுக்கு மாசாமாசம் குறையுமே" என்றார். மூன்றாவது ஒருவர், "நாங்க கொடுக்கும்போதே வட்டியைப் பிடிச்சுக்குவோம்" என்றார். மூன்று குழுவிலும் தீர்மான நோட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: மாதம் 2 சதவீதம். ஆனால் பத்தாயிரம் வாங்கிய பெண் கட்டும் வட்டி ஒரு குழுவில் 1,100 ரூபாய், மற்ற இரண்டிலும் 2,000 ரூபாய்.

"எந்த முறையை வைத்துக்கொள்ளலாம்?" என்று அதன்பிறகு பல குழுக்கள் கேட்டுவிட்டன. அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

## முதல் மூன்று அட்டைகளில் இருப்பது

வட்டிக் கணக்குக்குள் போகும் முன் அடிப்படை விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் அட்டை சேமிப்பு. எல்லோருக்கும் ஒரே தொகை, கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கட்ட வேண்டும், பாஸ்புக்கில் உடனே பதிய வேண்டும். 12 பேர் கொண்ட குழு மாதம் 200 ரூபாய் சேமித்தால் மாதத்துக்கு 2,400, ஐந்து மாதத்தில் 12,000. இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் குழுவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது அட்டை, சேர்ந்த பணத்தைச் சுற்றி விடுவது. இங்கே ஒரு பயம் பல குழுக்களில் இருக்கிறது. உறுப்பினருக்கு உள்கடன் கொடுத்துவிட்டால் வங்கிப் பாஸ்புக்கில் இருப்பு குறைந்துவிடும், அப்புறம் வங்கி பெரிய கடன் தராது என்று பணத்தைத் தொடாமலேயே வைத்திருப்பார்கள். உண்மை நேர் எதிர். வங்கி இணைப்புக்குக் குழுவின் மொத்த நிதியைக் கணக்கிடும்போது, வங்கியில் இருப்பதும் உறுப்பினர்களிடம் கடனாக நிற்பதும் வந்த வட்டியும் சேர்த்தே கணக்கிடப்படும். அதோடு, ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், நேரத்துக்குத் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கு என்று வங்கி பார்க்கும் ஐந்தில் உள்கடனும் ஒன்று. ஆறு மாதமாகக் கடனே கொடுக்காத குழு அந்த ஒன்றில் தோற்றுப்போகும்.

மூன்றாவது அட்டை, யாருக்குக் கடன் என்பது. கூட்டத்தில் கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் பேசி முடிவு செய்து, தீர்மான நோட்டில் தொகையும் தவணையும் எழுதி, எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

இனி நான்காவது அட்டை.

## எதை வைத்து எடை போடுவது

மூன்று முறைகளையும் நான்கு கேள்விகளால் அளந்து பார்த்தேன்.

ஒன்று, கடன் வாங்கியவர் கையில் எவ்வளவு வருகிறது, மொத்தம் எவ்வளவு கட்டுகிறார். இரண்டு, இடையில் இரண்டு மாதம் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகிறது. மூன்று, கையில் காசு வந்து முன்னதாகவே முடிக்க நினைத்தால் அவருக்கு ஏதாவது மிச்சமா. நான்கு, கணக்கு எழுதுகிறவருக்கு எவ்வளவு சுமை, தப்பு எங்கே நுழையும்.

ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு, வட்டி லாபம் கடைசியில் யாரிடம் போகிறது என்று. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று முறைகளையும் பார்த்த பிறகு அதற்கு வருகிறேன்.

கணக்குக்கு: கடன் 10,000 ரூபாய், 10 மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் 2 வட்டி.

## முன்வட்டி: கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வது

பத்து மாத வட்டி 2,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 8,000 கையில் கொடுப்பார்கள். பிறகு மாதம் 1,000 வீதம் கட்ட வேண்டும். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரம் கையில் கொடுப்பது நமக்குப் பழக்கமானது. அதே வழிதான் குழுவுக்குள்ளும் வந்திருக்கிறது.

பத்தாயிரம் தேவைப்படுகிறவருக்கு எட்டாயிரம் வந்தால் என்ன செய்வார்? பள்ளிக் கட்டணம் குறையப்போவதில்லை. கையில் 10,000 முழுசாக வேண்டும் என்றால் 12,500 கடன் கேட்க வேண்டும், வட்டியும் 2,500 ஆகிவிடும். கையில் வந்த தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் இது ரெண்டு வட்டி அல்ல, மாதம் நாலே காலுக்கு மேல்.

முன்னதாகக் கட்டினாலும் பலன் இல்லை, வட்டி ஏற்கெனவே போய்விட்டது. திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கும்.

குழுவின் பக்கம் ஒரு மறைவான சிக்கல் இருக்கிறது. கடன் கொடுத்த அன்றே வட்டி வரவு 2,000 என்று நோட்டில் ஏறிவிடும். மாத அறிக்கையில் லாபம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த 2,000 யாரும் கொண்டுவந்து கட்டியது இல்லை, குழுவின் சொந்தப் பணமே பெட்டியைவிட்டு வெளியே போகாமல் இருந்தது. மூன்று தவணை கட்டிவிட்டு அவர் நின்றுவிட்டால், நோட்டில் நிலுவை 7,000 என்று இருக்கும், உண்மையில் அவர் எடுத்தது 8,000, கட்டியது 3,000. வராத வட்டியை லாபமாக எண்ணி முன்பே பங்கு பிரித்திருந்தால் குழு தன் சேமிப்பையே பிரித்துக்கொண்டது என்று அர்த்தம்.

கணக்கு எழுதுவது மட்டும் எளிது: மாதம் ஆயிரம், வேறெதுவும் இல்லை.

## மாறா வட்டி: எடுத்த தொகைக்கே கடைசி வரை

ப்ளாட் ரேட் என்று சொல்வது இதைத்தான். பத்தாயிரம் முழுசாகக் கையில் வரும். அசல் 1,000, வட்டி 200, மாதம் 1,200 வீதம் பத்து மாதம். மொத்த வட்டி 2,000.

இதன் பெரிய வசதி, தொகை மாறாதது. கூலி வாங்கும் அன்றே 1,200 எடுத்துத் தனியாக முடிந்து வைத்துவிடலாம். படிக்கத் தெரியாத உறுப்பினரும் மனசிலேயே கணக்கு வைத்திருக்க முடியும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தன் கணக்கைத் தானே நினைவில் வைத்திருக்கிற பெண்ணை யாரும் ஏமாற்ற முடியாது.

ஆனால் பத்தாவது மாதத்தைப் பாருங்கள். அவர் கையில் குழுப் பணம் மிச்சமிருப்பது வெறும் 1,000. அதற்கும் 200 ரூபாய் வட்டி. அந்த மாதத்துக்கு அது இருபது வட்டி. பத்து மாதத்தையும் சேர்த்து, உண்மையில் நிற்கும் நிலுவைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ மாதம் மூன்றரை வட்டி வருகிறது.

முன்னதாக முடிப்பவருக்கு எதுவும் மிச்சமில்லை. அதனால் நடுவில் காசு வந்தாலும் யாரும் கட்ட மாட்டார்கள், கட்டி என்ன பயன்? பணம் சீக்கிரம் திரும்பாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கடன் தள்ளிப்போகும். குழுவுக்கு இது கண்ணுக்குத் தெரியாத செலவு.

தவறும்போது இன்னொரு ஓட்டை. இரண்டு மாதம் கட்டாமல் 12 மாதத்தில் முடித்தாலும் வட்டி அதே 2,000தான். நேரத்துக்குக் கட்டியவருக்கும் இழுத்தடித்தவருக்கும் வித்தியாசமே இல்லை. அதை அடைக்க அபராதம் போடுவார்கள். அபராதம் 10 ரூபாயா 50 ரூபாயா, உடம்பு சரியில்லாதவருக்கும் உண்டா என்பதில்தான் கூட்டத்தில் சண்டை வரும். நான் உட்கார்ந்து தீர்த்து வைத்த சண்டைகளில் பெரும்பாலானவை வட்டியால் வந்தவை அல்ல, அபராதத்தால் வந்தவை.

## குறையும் வட்டி: நிற்கும் நிலுவைக்கு மட்டும்

அசல் மாதம் 1,000 குறையக் குறைய வட்டியும் குறையும். முதல் மாதம் 200, அடுத்து 180, அப்புறம் 160 என்று இறங்கி, பத்தாவது மாதம் 20. மொத்தம் 1,100. தவணை 1,200இல் தொடங்கி 1,020இல் முடியும். நோட்டில் எழுதிய ரெண்டு வட்டி உண்மையாகவே ரெண்டு வட்டியாக இருப்பது இந்த முறையில் மட்டும்தான்.

தவறினால் என்ன ஆகும்? மூன்று தவணை கட்டியாயிற்று, நிலுவை 7,000. நான்காம், ஐந்தாம் மாதங்களில் வேலை இல்லை, கட்டவில்லை. அந்த இரண்டு மாதமும் நிலுவை 7,000ஆகவே நிற்பதால் மாதம் 140 வீதம் 280 ரூபாய் கூடுதல் வட்டி. ஆறாவது மாதம் வந்து மூன்று மாத வட்டி 420ஐயும் அசல் 1,000ஐயும் கட்டி, மீதியைத் தொடர்ந்து 12 மாதத்தில் முடிக்கிறார். மொத்த வட்டி 1,380. தாமதத்துக்கான விலையைக் கணக்கே சொல்லிவிட்டது, யாரும் யாரையும் பார்த்து "உனக்கு அபராதம்" என்று சொல்லத் தேவையில்லை. கட்டாத வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுவதில்லை என்று மட்டும் முன்கூட்டியே தீர்மானம் எழுதி வையுங்கள்.

முன்னதாக முடித்தால்? நான்கு தவணை கட்டிய பிறகு ஐந்தாம் மாதம் ஆட்டுக்குட்டி விற்ற காசு வருகிறது. நிலுவை 6,000, அந்த மாத வட்டி 120, சேர்த்து 6,120 கட்டிக் கணக்கை முடித்துவிடுகிறார். அவர் கட்டிய மொத்த வட்டி 800. மிச்சம் கண்ணுக்குத் தெரிவதால் காசு வந்ததும் கட்டுவார், அந்தப் பணம் அடுத்தவருக்குப் போகும்.

குறை எங்கே என்றால் கணக்கு எழுதுவதில். தவணை மாதாமாதம் மாறுகிறது. "போன மாசம் 1,160 கட்டினேன், இப்ப ஏன் 1,140?" என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். இரண்டு பழக்கங்களால் இதைச் சமாளிக்கலாம்.

ஒன்று, அசலை எப்போதும் நூறின் மடங்காகவே கட்டச் சொல்வது. அப்போது நிலுவையின் கடைசி இரண்டு சைபரை அடித்துவிட்டு மீதியை இரண்டால் பெருக்கினால் வட்டி வந்துவிடும். நிலுவை 7,000 என்றால் 70, அதன் இரட்டிப்பு 140. இரண்டு, கடன் கொடுக்கும் அன்றே பாஸ்புக்கின் பின்பக்கம் பத்து மாதத் தவணையையும் எழுதிக் கொடுத்துவிடுவது.

இந்த முறையைக் கெடுக்கும் தப்பு ஒன்றுதான்: கட்டிய 1,160ஐ அசல், வட்டி என்று பிரிக்காமல் ஒரே எண்ணாக எழுதிவிடுவது. வந்த பணத்தில் முதலில் வட்டி, மீதி அசலுக்கு என்று பிரித்து, நிலுவையையும் அன்றே எழுத வேண்டும். எழுதியது சரியா என்று பார்க்க மாதக் கடைசியில் இரண்டு கூட்டல் போதும். உறுப்பினர்களின் மொத்தச் சேமிப்பு, வந்த வட்டி, வந்த அபராதம் மூன்றையும் கூட்டிச் செலவைக் கழியுங்கள். மறுபக்கம் எல்லோரிடமும் நிற்கும் அசல் நிலுவை, வங்கி இருப்பு, கையிருப்பு மூன்றையும் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சுழல் நிதி வாங்கியிருந்தால் அந்தத் தொகை முழுவதையும், வங்கிக் கடன் வாங்கியிருந்தால் இன்னும் திருப்ப வேண்டிய அசலையும் முதல் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் பக்கத்தில் அசலும் வட்டியும் கலந்திருக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| 10,000 கடன், 10 மாதம், 2 வட்டி | முன்வட்டி | மாறா வட்டி | குறையும் வட்டி |
|---|---|---|---|
| கையில் வருவது | 8,000 | 10,000 | 10,000 |
| மாதத் தவணை | 1,000 | 1,200 | 1,200இல் தொடங்கி 1,020 வரை |
| மொத்த வட்டி | 2,000 | 2,000 | 1,100 |
| ஐந்தாம் மாதம் முடித்தால் வட்டி | 2,000 | 2,000 | 800 |
| இரண்டு மாதம் தவறினால் வட்டி | 2,000, அபராதம் தனி | 2,000, அபராதம் தனி | 1,380 |
| நிலுவைக்குப் பார்த்தால் மாத வட்டி | நாலே காலுக்கு மேல் | ஏறத்தாழ மூன்றரை | 2 |
| கணக்கு எழுதும் சுமை | குறைவு | குறைவு | அதிகம் |

## "வட்டி நமக்குத்தானே வருது?"

மாறா வட்டியை விடாமல் பிடித்திருக்கும் குழுக்கள் சொல்லும் வாதம் இது. "வெளியாளுக்கா கட்டுறோம்? நம்ம குழுவுக்குத்தானே, வருசக் கடைசியில நம்ம கைக்கே வந்துடும்." கேட்க நியாயமாக இருக்கும். 12 பேரும் ஒரே அளவு கடன் வாங்கினால் அது உண்மையும்கூட: ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் ஒரே அளவு வாங்குவதில்லை. எங்கள் 12 பேர் குழுவில் ஐந்து பேர் ஆளுக்குப் பத்தாயிரம் வாங்கினார்கள், ஏழு பேர் வாங்கவே இல்லை என்று வையுங்கள். மாறா வட்டியில் மொத்தம் 10,000 ரூபாய் வட்டி சேரும். 12 பங்காகப் பிரித்தால் ஆளுக்கு 833. கடன் வாங்கியவர் 2,000 கட்டி 833 திரும்பப் பெறுகிறார், அவர் கையைவிட்டுப் போனது 1,167. கடன் வாங்காதவருக்கு அதே 833 சும்மா வந்தது. குறையும் வட்டியில் மொத்தம் 5,500, ஆளுக்கு 458, கடன் வாங்கியவருக்கு உண்மையான செலவு 642.

அடிக்கடி கடன் கேட்பவர் யார்? கணவர் இல்லாதவர், வீட்டில் நோயாளி இருப்பவர், நிலம் இல்லாதவர். வாங்காமல் இருப்பவர் ஓரளவு வசதி உள்ளவர். ஆக, மாறா வட்டி ஒவ்வொரு ஆண்டும் குழுவில் ரொம்பக் கஷ்டப்படுகிறவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குப் பங்கு போடுகிறது. சேமித்தவருக்குப் பலன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பலன் எவ்வளவு என்று தெரிந்தே முடிவெடுங்கள் என்கிறேன். குழுவின் நிதி வளர வேண்டும் என்றால் குறையும் முறையிலேயே வட்டி விகிதத்தை வெளிப்படையாகப் பேசித் தீர்மானியுங்கள். அப்போது நோட்டில் இருக்கும் எண்ணும் கட்டும் எண்ணும் ஒன்றாக இருக்கும்.

## எந்த நிலைமைக்கு எது

ஆறு மாதம், பத்து மாதம் என்று தவணையில் கட்டும் கடன் எல்லாவற்றுக்கும் குறையும் வட்டிதான் என் முடிவு. கூட்டிக் கழிக்கத் தெரிந்த ஒருவர், அவர் வராத நாளில் எழுத இன்னொருவர், இரண்டு பேர் இருந்தால் போதும்.

விதைக்கோ உரத்துக்கோ வாங்கி அறுவடையில் ஒரே முறையாகக் கட்டும் கடனுக்கு மாறா வட்டியும் குறையும் வட்டியும் ஒன்றே. நாலு மாதமும் அசல் பத்தாயிரமாகவே நிற்பதால் எப்படிப் போட்டாலும் 800. அங்கே எளிய கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். அதேபோல, இப்போதுதான் தொடங்கி ஆயிரம், இரண்டாயிரம் என்று சின்னக் கடன் கொடுக்கும் குழுவுக்கும் மாறா வட்டி பரவாயில்லை. 2,000 ரூபாய்க்கு நாலு மாதத்தில் வித்தியாசம் 60 ரூபாய்தான். கடன் தொகை ஐந்தாயிரத்தைத் தொடும்போது மாற்றிக்கொள்ளலாம், அதற்குள் கணக்கு எழுதுகிறவருக்கும் கை பழகிவிடும்.

முன்வட்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடும் ஐந்நூறு, ஆயிரம் அவசரத்துக்கு வேண்டுமானால் பிடித்துக்கொள்ளட்டும், அங்கே பெரிதாக எதுவும் கெடாது.

ஏற்கெனவே மாறா வட்டியில் கடன் ஓடிக்கொண்டிருக்கும் குழு நடுவில் மாறினால், பாதி கட்டியவர்கள் "எனக்கு மட்டும் ஏன் பழைய கணக்கு?" என்று கேட்பார்கள். தீர்மானத்தில் ஒரு தேதியைக் குறித்து, அந்த நாளில் நிற்கும் அசலைப் புது நிலுவையாக எல்லோருக்கும் எழுதி, அடுத்த மாதத்திலிருந்து குறையும் வட்டி போடுங்கள். கட்டிய பழைய வட்டியைத் தோண்ட வேண்டாம்.

## கடைசியில் அட்டைகளில் எழுதியது

நான்காவது அட்டை: "வட்டி, இன்னும் கட்டாத அசலுக்கு மட்டும். 10,000 வாங்கினால் முதல் மாதம் 200, கடைசி மாதம் 20." கீழே ஒரு படிக்கட்டுப் படம், படிக்குப் படி இறங்கும் எண்கள்.

ஐந்தாவது அட்டை: "கட்ட முடியவில்லையா? கூட்டத்துக்கு வாருங்கள், சொல்லுங்கள். நிற்கும் நிலுவைக்கு அந்த மாத வட்டி கூடும், அவ்வளவுதான். சீக்கிரம் கட்டினால் வட்டி மிச்சம்."

ஆறாவது அட்டை: "உங்கள் பாஸ்புக்கில் நாலு எண் இருக்கிறதா பாருங்கள்: சேமிப்பு, கட்டிய அசல், கட்டிய வட்டி, நிலுவை. ஒன்று இல்லாவிட்டாலும் இன்றே கேளுங்கள்."

வட்டி விகிதத்தை அட்டையில் அச்சாக்கவில்லை. படிக்கட்டுக்கு மேலே "இது நூற்றுக்கு 2 வட்டிக்கான எடுத்துக்காட்டு" என்று மட்டும் போட்டுவிட்டு, அடியில் "எங்கள் குழுவின் வட்டி நூற்றுக்கு ____, தீர்மான நாள் ____" என்று இடம் விட்டிருக்கிறேன். அதைக் குழுதான் நிரப்ப வேண்டும், கூட்டத்தில், எல்லோரும் இருக்கும்போது.